ஒரு மணி நேர மீட்டிங்கின் உண்மையான செலவு

கேள்வி: எங்கள் வாராந்தர மீட்டிங்கில் எட்டுப் பேர். மேலாளருக்கு மாதம் 1,20,000, சீனியர் இருவருக்கு ஆளுக்கு 80,000, மற்ற ஐந்து பேருக்கு 40,000. மூன்று சம்பளத்தின் சராசரியை எட்டால் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு வந்துவிடுமா?

வராது. மூன்று சம்பளத்துக்கும் சராசரி 80,000. ஆனால் 40,000 வாங்குபவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்களே! ஆளுக்கு ஆள் கூட்டினால் மொத்தம் 4,80,000தான். உங்கள் வழியில் 6,40,000 ஆகிவிடும். அதனால் சராசரியை விட்டுவிட்டுத் தலைகளைக் கூட்டுங்கள்.

ஆண்டுக்கு இது 57,60,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் ஓய்வூதியத் தொகை, காப்பீடு, போனஸ் எல்லாம் இதற்கு மேல். அவை கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் 72,00,000. கையில் இருப்பது சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவுத் தொகை என்றால் இந்தக் கால் பங்கைத் திரும்பச் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அது அதிலேயே அடங்கியிருக்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் 2,080. ஆனால் விடுமுறையும் விடுப்பும் 35 நாள் போனால் 280 மணி குறையும். சம்பளம் அந்த நாள்களுக்கும் உண்டு, வேலை கிடையாது. எனவே 1,800 மணியால் வகுக்க வேண்டும். விடை 4,000.

சம்பள விவரம் கேட்டால் மனிதவளத் துறை ஏதோ ராணுவ ரகசியம் போலப் பொத்தி வைத்துக்கொள்ளும். மன்றாட வேண்டாம், ஒவ்வொரு பதவிக்கும் உள்ள சம்பள வரம்பின் நடுத்தொகை போதும். இதைக்கூடத் தர மூன்று படிவம் கேட்பார்கள் என்பது வேறு கதை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. திரையில் செலவு ஓடும் கடிகாரத்தை விற்க வருபவர்களும், 'மீட்டிங்கை நிறுத்தினால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் மிச்சம்' என்று அறிக்கை தந்து கட்டணம் வாங்கும் ஆலோசகர்களும் இந்த 4,000த்தை ஐம்பதால் பெருக்கித்தான் காட்டுவார்கள். மீட்டிங்கை ரத்து செய்தாலும் அந்த எட்டுப் பேருக்கும் மாதக் கடைசியில் அதே சம்பளம்தான். மிச்சமாவது எட்டு மணி நேர வேலை நேரம். அதில் என்ன வேலை நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் லாபம். அறிக்கையில் அந்த வரி மட்டும் இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு, மணிக்கு இவ்வளவு என்று பில் போடும் வெளியாள். அவர் மணிக்கு 1,500 வாங்கினால் அதை அப்படியே கூட்டுங்கள். கால் பங்கும் வேண்டாம், 1,800ஆல் வகுக்கவும் வேண்டாம். செலவு 5,500 ஆகும். மீட்டிங் ரத்தானால் அந்த 1,500 மட்டும் உண்மையிலேயே கையில் நிற்கும், அதுவும் ஒப்பந்தம் விட்டால். பலர் அரை மணி பேசினாலும் முழு மணிக்கு பில் போடுவார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். அவர் பேச வேண்டிய விஷயத்தை முதல் இருபது நிமிடத்தில் வைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தால், அதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.