கடை நோட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஏன் ஒத்துவருவதில்லை?

"மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் என் நோட்டுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் தொகை ஒத்துவரவில்லை. எப்படிச் சரிபார்ப்பது?"

பெரும்பாலும் தப்பு கல்லாவில்தான் தொடங்கும். அன்றைய விற்பனை 9,400 என்றால் அதை அப்படியே பேங்கில் தேடாதீர்கள். யுபிஐ 3,150, ரொக்கம் 6,250. ரொக்கத்தில் பால்காரருக்கு 650 கொடுத்தீர்கள், மீதி 5,600 கட்டினீர்கள். இவ்வளவையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஸ்டேட்மென்ட்டில் தேட வேண்டியது 3,150, 5,600 இரண்டையும்தான். கிடைத்ததும் இரண்டு பக்கமும் டிக் போடுங்கள்.

மாதக் கடைசியில் டிக் விழாதவை மட்டும் மிஞ்சும். நோட்டில் இருப்பு 48,600, ஸ்டேட்மென்ட்டில் 41,482 என்று வையுங்கள். வித்தியாசம் 7,118. நோட்டில் டிக் இல்லாமல் நிற்பது 30ஆம் தேதி போட்ட 7,000 ரூபாய் செக். இன்னும் பாஸ் ஆகவில்லை. ஸ்டேட்மென்ட்டில் நிற்பது 118 ரூபாய். 100 ரூபாய் பேங்க் சார்ஜும் அதற்கு 18% ஜிஎஸ்டியும். சார்ஜை நோட்டில் செலவாக எழுதினால் இருப்பு 48,482. ஸ்டேட்மென்ட்டோடு செக்கைக் கூட்டினாலும் அதே 48,482. செக்குக்கு நோட்டில் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த மாதம் டிக் விழும். விழவில்லை என்றால் செக் திரும்பியதா என்று உடனே கேளுங்கள்.

அப்புறம், காரணம் புரியாத வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 5,600ஐ 6,500 என்று இலக்கம் மாற்றி எழுதினீர்களா என்று பாருங்கள்.