6 லட்சம் என்று எழுதியிருந்தால் மாதம் கையில் எவ்வளவு வரும்?

"கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. வருடத்துக்கு 6 லட்சம். இப்போது இருக்கும் இடத்தில் நோட்டீஸ் 60 நாள். மூன்று நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

எச்.ஆர். பிரிவில் இருந்துகொண்டு இந்த மாதிரிக் கடிதங்களை நிறையத் தயாரித்திருக்கிறேன். வருகிறவர்கள் முதல் பக்கத்தில் பதவியையும் அந்த ஒரு பெரிய தொகையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். அங்கே 'அனெக்சர்' என்ற தலைப்பில் சம்பளப் பிரிவுகள் அட்டவணையாக இருக்கும்.

6 லட்சம் என்பது சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். பேசிக் மாதம் 25,000, வீட்டு வாடகைப் படி 10,000. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 14,430. வேரியபிள் பே 60,000. இதெல்லாம் போக மிச்சம் 69,570 ரூபாயை 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று போட்டு 6 லட்சத்தை நிரப்பிவிடுவார்கள். மாதக் கணக்கில் அது சுமார் 5,800.

மாதாமாதம் வருவது பேசிக், வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றும்தான். கூட்டினால் 40,800. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 3,000 பிடிப்பார்கள். மிச்சம் 37,800, தொழில் வரி போனால் இன்னும் கொஞ்சம் குறையும். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று மனதில் வைத்திருந்தால் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் துண்டு விழும். பி.எஃப். உங்கள் கணக்கில்தான் சேர்கிறது, அதில் நஷ்டமில்லை. ஆனால் நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி கைக்கு வர, பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே இருக்க வேண்டும். வேரியபிள் எப்போது, எதை வைத்துத் தருவார்கள் என்று கடிதத்தில் இல்லையென்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பதவியைப் பொறுத்தவரை, இன்டர்வியூவில் சொன்ன பெயரே இருக்கிறதா, முன்னால் 'ட்ரெய்னி' என்று எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாளைக்கு அனுபவச் சான்றிதழில் வரப்போவதும் அந்தப் பெயர்தான்.

அப்புறம் ப்ரொபேஷன். என் முதல் வேலையில் ஆறு மாதம் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யும் வரை ப்ரொபேஷன் தொடரும் என்றும் இருந்தது. அதை நான் படித்தேன், அதன் பொருள் உறைக்கவில்லை. பதினோரு மாதம் ஆகியும் அந்தக் கடிதம் வரவில்லை. ஊதிய உயர்வு வந்தபோது, நிரந்தரம் ஆனவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். அந்த வருடம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்துக்கு நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த வரி இருந்தால், ப்ரொபேஷனை அதிகபட்சம் எத்தனை மாதம் நீட்டலாம் என்று கேளுங்கள். ப்ரொபேஷனில் அவர்கள் உங்களை நிறுத்த எத்தனை நாள் நோட்டீஸ், நீங்கள் விலக எத்தனை நாள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுக்கு 15, உங்களுக்கு 60 என்றெல்லாம் எழுதுவதுண்டு.

உங்கள் விஷயத்தில் பெரிய சிக்கல் சேரும் தேதிதான். 'குறிப்பிட்ட தேதியில் சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாக ரத்தாகும்' என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். சேரும் நாளில் பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரையும் கேட்பார்கள். 60 நாள் முடியும் முன்பே தேதி போட்டிருந்தால் இரண்டில் ஒன்றை உங்களால் நிறைவேற்ற முடியாது. எச்.ஆரில் போனில் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று சொன்னால் போதாது. தேதியை மாற்றிய கடிதமோ, மெயிலோ கையில் வரட்டும். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் ஆஃபர் உறுதி என்று இருந்தால், அது எப்போது முடியும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இவை தெளிவாகும் வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.

மூன்று நாள் என்பதற்காகப் பதற வேண்டாம். இன்றைக்கே இப்படி ஒரு மெயில் போடுங்கள்: "ஆஃபருக்கு நன்றி, சேர விரும்புகிறேன். என் நோட்டீஸ் காலம் 60 நாள் என்பதால் சேரும் தேதியை அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும். வேரியபிள் பே எப்போது வழங்கப்படும், ப்ரொபேஷன் அதிகபட்சம் எத்தனை மாதம் என்பதையும் தெரிவித்தால், திருத்திய கடிதம் கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."