லாட்ஜ்காரர் எதை எடுத்தார்?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன், எம்.பி.ஏ. முதலாண்டு. தேர்வில் வந்த கேஸ் இது. வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு எதிரே 30 அறை லாட்ஜ். வாடகை 500 ரூபாய், தினம் 18 அறை நிறையும், செலவு 7,500. உரிமையாளர் வாடகையை 400 ஆக்கினார், பக்கத்து லாட்ஜ்களும் குறைத்தன. பிறகு ரெஸ்டாரண்டை மூடி, டி.வி., ரூம் பாய்களை எடுத்துவிட்டு, நோயாளிகளோடு கூடவே போக வங்காளம் பேசும் இருவரை வைத்தார். செலவு 6,500, வாடகை 550, நிறைவது 24 அறை. வாடகைக் குறைப்பும் புதுச் சேவையும் ப்ளூ ஓஷன், மருத்துவமனைக்கு எதிரே இருப்பது கோர் காம்பிடன்ஸ் என்று எழுதினேன். ஐந்துக்கு ஒன்றரை மார்க். ரெட் ஓஷன் என்றால் தோல்வியா? எத்தனை வரி எழுத வேண்டும்?

அன்புள்ள தம்பி,

எண்களை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட விடைத்தாளில் பெருக்கிப் பார்க்கவில்லையே! 18 அறை, 500 ரூபாய் என்றால் 9,000. செலவு போக 1,500 மிச்சம். எல்லோரும் 400-க்கு இறங்கியபின் அதே 18 அறைக்கு 7,200 தான் வரும், தினம் 300 கையை விட்டுப் போகிறது. அதே வாடிக்கையாளருக்காக அதே சரக்கின் விலையில் மோதுவதற்குப் பெயர்தான் ரெட் ஓஷன். போட்டியில்லாத புதுச் சந்தையை உண்டாக்குவதுதான் ப்ளூ ஓஷன். விலை மோதலைப் போய் ப்ளூ என்று எழுதினால் யார் மார்க் போடுவார்கள்? ரெட் ஓஷன் தோல்வியா என்ற கேள்வியை விடுங்கள், எத்தனையோ வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. வரிக்கணக்கையும் விடுங்கள்.

புதுச் சேவை என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்கு வருத்தம். மாணவர்கள் எல்லோரும் சேர்த்ததை எழுதுகிறார்கள், எடுத்ததை எழுதுவதில்லை. ப்ளூ ஓஷன் கருத்தைத் தந்த சான் கிம்மும் ரெனே மொபோர்னும் நான்கு கேள்வி கேட்கச் சொன்னார்கள்: எதை அடியோடு எடுக்கலாம், எதைக் குறைக்கலாம், எதை உயர்த்தலாம், எதைப் புதிதாக உண்டாக்கலாம். முதல் இரண்டும் செலவை இறக்கும், பின்னிரண்டும் வருபவருக்குப் பயனைக் கூட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அது வேல்யூ இன்னொவேஷன். ரெஸ்டாரண்டை வைத்துக்கொண்டே இரண்டு ஆளையும் சேர்த்திருந்தால் செலவு ஏறியிருக்கும். அது வசதி கூடிய லாட்ஜ், அவ்வளவுதான். இவர் எடுத்ததையும் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து வந்து இருபது நாள் தங்கும் குடும்பத்துக்கு டி.வி. எதற்கு? பத்தியச் சாப்பாடு வேண்டியவருக்கு ரெஸ்டாரண்ட் எதற்கு? அவர்களுக்குத் தேவையில்லாததை எடுத்ததால்தான் சம்பளத்துக்குப் பணம் வந்தது. புது ஆட்களின் சம்பளம் போகவும் செலவு 1,000 இறங்கியிருக்கிறது. 24 அறை, 550 ரூபாய், 13,200. மிச்சம் 6,700. இந்த ஒரு கணக்கை எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். கூடுதலாக நிறைந்த ஆறு அறைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? பக்கத்து லாட்ஜிலிருந்து வந்திருந்தால் கடல் இன்னும் பாதி சிவப்புதான். லாட்ஜே வேண்டாமென்று தோட்டப்பாளையத்தில் வீட்டு மாடியை எடுத்துத் தங்குகிறவர்கள் வந்திருந்தால் நீலம். கேஸ் இதைச் சொல்லவில்லை, ஆகவே 'இப்படியிருந்தால்' என்று நிபந்தனையோடு எழுதுங்கள்.

இனி அந்த 'எதிரே இருப்பது'. கோர் காம்பிடன்ஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் அடிப்படைத் திறன், எது என்று காண பிரகலாதும் ஹேமலும் 1990-ல் மூன்று சோதனை வைத்தார்கள். வாங்குபவருக்குப் பெரிய பயன் தருகிறதா? பல சந்தைகளுக்குள் நுழைய உதவுமா? பிறர் நகலெடுப்பது கடினமா? உங்கள் 'எதிரே' முதல் சோதனையில் மட்டும் தேறும். அதே தெருவில் அடுத்த லாட்ஜும் எதிரேதான் இருக்கிறது, இடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு தொழிலுக்கும் போக முடியாது. அது சொத்து, திறன் அல்ல. சரி, வங்காளம் பேசும் அந்த இருவர்? அவர்களும் இல்லை. நாளைக்கே பக்கத்து லாட்ஜ் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்ளும்.

ஆள் போனபின்னும் லாட்ஜில் என்ன மிஞ்சுகிறது என்று தேடுங்கள். எந்தச் சிகிச்சைக்கு எத்தனை நாள் பிடிக்கும், எந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போகவேண்டும், காட்பாடியில் திரும்பும் டிக்கெட்டை எப்போது போடலாம் என்பதெல்லாம் சேர்ந்து, யார் வேலைக்கு வந்தாலும் செய்யக்கூடிய பழக்கமாக ஊறியிருந்தால், அது கோர் காம்பிடன்ஸ். அதை வைத்து நாளைக்கு வேறு ஊர் மருத்துவமனை வாசலிலும் லாட்ஜ் நடத்தலாம், லாட்ஜே இல்லாமல் உதவியாளர் சேவை மட்டும்கூட நடத்தலாம். கேஸில் அதற்குச் சான்று உண்டா? இரண்டு ஆள் வைத்தார் என்பதோடு முடிகிறது. ஆகவே சரியான விடை: 'கோர் காம்பிடன்ஸ் இன்னும் உருவாகவில்லை, நோயாளியின் தங்கலைச் சிகிச்சையோடு பொருத்தி நடத்தும் திறனாக அது வளரலாம்.' இல்லை என்று எழுத ஏன் இவ்வளவு பயம், தம்பி?