டிரிப்புக்கு 22 ஆயிரமா, முட்டை வண்டியா?

“எனக்கு வயது 31, நாமக்கல். எல்எம்வி லைசென்ஸில் எட்டு வருடமாக மினி வேன் ஓட்டுகிறேன். ஒரு புரோக்கர் டெல்லி லைனில் 12 வீல் லாரிக்கு டிரிப்புக்கு 22,000, மாசம் ரெண்டு டிரிப் என்கிறார். இன்னொருவர் பாலக்காட்டுக்கு முட்டை வண்டி, நடைக்கு 900 தருகிறேன் என்கிறார். டெல்லி லைன் சொன்ன அதே புரோக்கர், 2 லட்சம் கொடுத்தால் லாரியையே என் பேரில் எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். எதில் போகலாம்?”

மாசம் ரெண்டு டிரிப் என்பதிலேயே உங்கள் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறார். நாமக்கல்லில் இருந்து டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். சட்டப்படி டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. மணிக்கு சராசரி 50 கிலோமீட்டர் விழுந்தால் ஒரு நாளைக்கு 400, அப்படியானால் போக 6 நாள், வர 6 நாள். லோடு இறக்கவும் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்கவும் திரும்பி வந்து இறக்கவும் இன்னொரு 6 நாளாவது போகும். ஆக 18 நாள். நடுவில் வீட்டில் 4 நாள் இருந்தால் 22. சாப்பாடு, குளியல், டீ உங்கள் கைக்காசு என்றால் நாளைக்கு 400 வைத்து 7,200 கழியும். மிச்சம் 14,800. அதை 22 நாளுக்கு வகுத்து மாசத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 20 ஆயிரம் சொச்சம்தான் வரும். 15 நாளில் முடிக்கச் சொல்கிறார் என்றால், அந்த 6 நாள் காத்திருப்பு போக 9 நாளில் 4,800 கிலோமீட்டர், அதாவது தினம் 11 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். இந்த 8 மணி நேரத்தை ரோட்டில் நிறுத்தி யார் சோதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம்தான் வரும். ஓவர்லோடுக்கு மட்டும் 20,000 அபராதமும் கூடுதல் டன்னுக்கு 2,000-மும் கேட்கத் தெரிகிறது.

அதனால் டிரிப் காசு எவ்வளவு என்பதை விட, ஹால்ட் ஆகும் நாளுக்குப் பேட்டா உண்டா, சாப்பாடு யாருடையது, இரண்டு டிரைவரா ஒருவரா, இருவர் என்றால் 22,000 ஆளுக்கா வண்டிக்கா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம் லைசென்ஸ். 12 வீலுக்கு உங்கள் எல்எம்வி செல்லாது. ஹெவிக்கு எல்எல்ஆர் போட்டு, 30 நாள் கழித்து டிரைவிங் ஸ்கூல் சான்றிதழோடு டெஸ்டுக்குப் போக வேண்டும். “பத்து நாளில் வேறு மாநிலத்து லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்” என்பவனிடம் காசு கொடுத்துவிடாதீர்கள். விபத்து நடந்த அன்றுதான் அது போலி என்று தெரியும், அன்றைக்கு அந்த ஆளின் போன் சுவிட்ச் ஆஃப். முறையாகப் போகலாம் என்றால் ஆபீஸில் ஸ்லாட் கிடைக்காமல் அலைய விடுகிறார்கள், ஏஜென்ட் பிழைப்பதே அதனால்தான்.

முட்டை வண்டி விஷயம் வேறு. 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனியாக பேட்ஜ் வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். அந்த 7,500 என்பது ஏற்றுகிற சரக்கின் எடை இல்லை, காலி வண்டியின் எடையும் இல்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்து ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடை. கண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு வண்டி நிற்கும், ஒன்றின் ஆர்.சி.யில் 7,490 இருக்கும், பக்கத்து வண்டியில் அதைத் தாண்டியிருக்கும். முதல் வண்டியை நீங்கள் ஓட்டலாம், அடுத்ததைத் தொடக்கூடாது. ஓனர் வாயால் சொல்வதை நம்பாமல் ஆர்.சி.யை வாங்கி அந்த ஒரு வரியைப் படியுங்கள். இன்சூரன்ஸும் எப்.சி.யும் உயிரோடு இருக்கிறதா என்பதை mParivahan-இல் வண்டி நம்பர் போட்டால் பார்க்கலாம்.

நடைக்கு 900 என்றால் மாசம் 24 நடைக்கு 21,600. டெல்லி கணக்கை விடக் கூடுதலே, மறுநாள் வீட்டுக்கும் வந்துவிடலாம். ஆனால் ராத்திரி ஓட்டம், பகலில் தூங்க விடுகிறார்களா அல்லது வந்ததும் பண்ணைக்கு லோடு ஏற்றப் போகச் சொல்கிறார்களா என்று அங்கே ஏற்கெனவே ஓட்டுகிற பையனிடம் தனியாக விசாரியுங்கள். உடைசலை யார் கணக்கில் பிடிக்கிறார்கள் என்பதையும். அட்டைக்கு 30 முட்டை, ஒரு சடன் பிரேக்கில் நாலு அட்டை போனால் 120 முட்டை. அதை உங்கள் தலையில் போட்டால் அந்த நடைக் காசில் பாதிக்கு மேல் போய்விடும்.

2 லட்சம் கேட்கும் ஏற்பாட்டைத் தொடவே தொடாதீர்கள். என் ஊரில் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். லோன் அவர் பேரில், லோடு எது என்று முடிவு செய்தது புரோக்கர். லோடு வந்தாலும் வராவிட்டாலும் மாசம் பிறந்தால் பைனான்ஸ்காரனுக்கு டியூ. டயர், எப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் செலவு, வாடகையில் மட்டும் முதலில் கமிஷன் பிடித்துக்கொண்டார்கள். நாலு டியூ தவறியதும் வண்டியைத் தூக்கிப் போனார்கள், கொடுத்த 2 லட்சத்துக்கு 20 ரூபாய் பத்திரத்தில் ஒரு கையெழுத்துதான் மிச்சம். அதனால், முட்டை வண்டியில் ஏறிக்கொண்டே ஹெவிக்கு எல்எல்ஆர் போடுங்கள். யாருக்கும் ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்து வைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.