சந்தேகமா, விளக்கமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது நான்தான். ‘கேட்டார், கேட்டார்’ என்றே எழுத வேண்டாமே என்று ஓரிடத்தில், ‘மோட்டார் செலவில் சந்தேகம் எழுப்பினார்’ என்று எழுதினேன். பொருளாளர் கோபித்துக்கொண்டார். கேட்டவரோ, வரி சேர்த்த தொகையா என்று மட்டும்தான் கேட்டாராம். என் தவறு என்ன?
– வாசகி, மதுரை

பதில்: நாம் பேசும்போது ‘ஒரு சந்தேகம்’ என்றால், தெரியாததைக் கேட்கிறோம் என்று பொருள். வகுப்பில் கை தூக்கும் பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறது. அதே சொல் பணத்தின் பக்கத்தில் எழுத்தில் ஏறும்போது ஐயப்பாடாகிவிடுகிறது. ஓராண்டு கழித்துப் படிப்பவருக்குக் கேட்டவரின் குரல் கேட்காது. பொருளாளர்மேல் யாரோ குற்றம் சாட்டியதாகத்தான் தோன்றும். அவர் கோபப்பட்டது நியாயம்.

‘கேள்வி எழுப்பினார்’ என்பதும் செய்தித்தாளில் படித்துப் படித்து நமக்குச் சவால் விடும் தொனியாகவே பழகிவிட்டது. பதில் தெரிந்ததும் முடிந்துபோகிற விஷயத்துக்கு ‘விளக்கம் கேட்டார்’ போதும். ‘மோட்டாரின் விலை 68,000 ரூபாயில் வரி அடங்குமா என்று விளக்கம் கேட்டார், அடங்கும் எனப் பொருளாளர் தெரிவித்தார்.’ அவ்வளவுதான்.

அதே உறுப்பினர், ‘புது மோட்டாரின் வேகத்தைப் பழைய குழாய் தாங்குமா?’ என்று கேட்டிருந்தால் கதை வேறு. அதற்குக் கூட்டத்திலேயே பதில் கிடைக்காது. யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். அங்கே ‘கவலை தெரிவித்தார்’ என்று எழுதலாம். ஆனால் யார், எந்தத் தேதிக்குள் பார்ப்பார்கள் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

சிக்கலானது மூன்றாவது வகை. ‘வாங்குங்கள், ஆனால் ஒரே கடையில் விலை கேட்டது சரியில்லை’ என்பார் ஒருவர். இதற்குத் ‘தயக்கம்’ என்று எழுதினால் அவரே முடிவெடுக்க முடியாமல் தடுமாறியதுபோல் இருக்கிறது. ‘ஆட்சேபணை’ என்றால் தீர்மானத்தையே எதிர்த்தவர் ஆகிவிடுவார். கம்பெனி இயக்குநர் கூட்டங்களில் இந்த வேறுபாடு சட்டத்தையே தொடும்: தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநர்களின் பெயர் குறிப்பில் இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு. அதனால் நான் ஒற்றைச் சொல்லைத் தேடமாட்டேன். ‘தீர்மானத்துக்கு உடன்பட்டார், ஒரே கடையில் மட்டும் விலை பெற்றது முறையல்ல என்ற தம் கருத்தைப் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டார்’ என்று முழுதாக எழுதுவேன்.

‘கேட்டார்’ பத்து முறை வந்தால் வரட்டும். அழகுக்காக மாற்றிய சொல்தான் உங்களை மாட்டிவிட்டது.

எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள். அடுத்த கூட்டத்தில் சென்ற குறிப்பை வாசிக்கும்போது, ‘சந்தேகம் எழுப்பினார் என்பதை, வரி குறித்து விளக்கம் கேட்டார் என்று திருத்தி வாசிக்க வேண்டும்’ என ஒரு வரியைப் புதிய குறிப்பில் சேருங்கள். கேட்டவரும் பொருளாளரும் எதிரில் இருக்கும்போதே அதைப் படித்துக் காட்டிவிடுங்கள்.