"துறைமுகத்தில் நெரிசல்" என்று எழுதிவிடலாமா?

ஐயா, ஆத்தூர் பக்கம் எங்கள் ஜவ்வரிசி ஆலையிலிருந்து மொரீஷியஸுக்கு ஒரு கண்டெய்னர், 720 மூட்டை, தூத்துக்குடி வழியாக அனுப்பினோம். ஜனவரி 22 கப்பலில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் லாரிதான் தாமதம். பனியில் சரக்கு காயவில்லை. அடுத்த கப்பல் 30-ம் தேதி. எல்.சி.யில், அதாவது வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி கொடுக்கும் கடிதத்தில், கடைசி ஏற்றுமதித் தேதி 25. "துறைமுகத்தில் நெரிசல், தவிர்க்க முடியாத காரணம்" என்று வாங்குபவருக்கு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
– வாசகர், ஆத்தூர்

அனுப்பாதீர்கள் தம்பி. பொய் பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பொய்யை அவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார். உங்கள் கண்டெய்னர் எண், நாலு எழுத்தும் ஏழு இலக்கமும், அவர் கையில் இருக்கிறது. ஷிப்பிங் லைனின் தளத்தில் அதைப் போட்டால் பெட்டி துறைமுக வாசலுக்குள் நுழைந்த நாள் தெரிந்துவிடும். உள்ளே விடும் கடைசி நேரம் புக்கிங் உறுதிச்சீட்டிலேயே இருக்கிறது. அதை நீங்களே அவருக்கு அனுப்பியிருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெரிசலா, லாரியா என்று கேட்கவே வேண்டாம்.

நானும் ஒரு காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதம் எழுதும் வேலை பார்த்தவன். "எதிர்பாராத சூழ்நிலை காரணமாக" என்று ஒருமுறை அழகாக ஒரு ஃபேக்ஸ் அடித்து அனுப்பினேன். மறுநாள் மூன்றே கேள்விகள் வந்தன: என்ன சூழ்நிலை, எந்தக் கப்பல், என்றைக்கு வரும்? முதல் ஃபேக்ஸில் நான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் அந்த மூன்றுதான்.

உங்கள் விஷயத்தில் உண்மைக் காரணம் பொய்யைவிட நல்லது என்பதைக் கவனித்தீர்களா? களத்தில் காயாத ஜவ்வரிசியை மூட்டை கட்டி அனுப்பியிருந்தால், போர்ட் லூயிஸில் பெட்டியைத் திறக்கும்போது பூசண வாடைதான் அடித்திருக்கும். "ஈரத்தோடு கட்ட மனமில்லாமல் கூடுதலாகக் காயவைத்தோம், அதில் லாரி தாமதமானது, தவறு எங்களுடையது" என்பதை அவர் கோபத்தோடு படித்தாலும் நம்பிப் படிப்பார். மூட்டை கட்டுவதற்கு முன் ஈரப்பதம் பார்த்த அறிக்கை இருந்தால் கூடவே இணைத்துவிடுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தை அடக்கி வாசியுங்கள். இல்லாத அறிக்கையை அவர் கேட்டுவிடுவார்.

கஸ்டம்ஸ் தரப்பில் எதுவும் பாக்கி இல்லை என்பதையும் எழுதுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஷிப்பிங் பில்லுக்கு ஏற்றுமதி அனுமதி, அதாவது எல்.இ.ஓ., கிடைத்துவிட்டதா என்று உங்கள் கிளியரிங் ஏஜெண்டிடம் கேளுங்கள். அது கிடைக்காமல் "30-ம் தேதி ஏறும்" என்று வாக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இனி எல்.சி. உங்கள் பணம் சிக்கியிருப்பது இங்கேதான், கடிதத்தின் நடுப்பகுதியும் இதுதான். பலர் செய்யும் தவறு, வாங்குபவர் "பரவாயில்லை, 30-ம் தேதி அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் போட்டதும் நிம்மதியாகிவிடுவது. அந்த மெயில் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். சரக்குக் கப்பல் ரசீதில், அதாவது பி.எல்.லில், கப்பலில் ஏறிய தேதி ஜனவரி 30 என்று இருக்கும், எல்.சி. 25 என்று சொல்லும். "தாமத ஏற்றுமதி" என்று குறை எழுதிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு வாங்குபவர் மனது வைத்தால்தான் பணம். சந்தை விலை அதற்குள் இறங்கியிருந்தால், "டன்னுக்கு இவ்வளவு குறை, ஏற்றுக்கொள்கிறேன்" என்று பேரம் தொடங்கும். சரக்கோ அதற்குள் பாதிக் கடலில்.

அதனால் எல்.சி.யைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அவர்தான் தன் வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும். திருத்தம் உங்கள் வங்கி வழியாக உங்கள் கைக்கு வர வேண்டும். கடைசி ஏற்றுமதித் தேதியை 30 என்று கேட்காதீர்கள். அந்தக் கப்பலும் இரண்டு நாள் தள்ளிப்போனால் இன்னொரு திருத்தம், இன்னொரு கட்டணம். பிப்ரவரி 10 என்று கேளுங்கள். எல்.சி. காலாவதித் தேதியையும் சேர்த்தே நீட்டச் சொல்லுங்கள். எல்.சி. வேறு மாதிரி சொல்லாதவரை, ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணம் கொடுக்கலாம் என்பது விதி. ஆனால் காலாவதி தாண்டக் கூடாது. பிப்ரவரி 10-லிருந்து எண்ணினால் மார்ச் 3 வருகிறது, அதைக் கேளுங்கள். தாமதம் உங்களுடையது என்பதால் திருத்தக் கட்டணத்தை நீங்கள் ஏற்பதாக எழுதுவதுதான் முறை. துறைமுகத்தில் பெட்டி கிடக்கும் வாடகையும் அப்படித்தான்.

இந்த இடத்தில் யாராவது, "எதற்கு இவ்வளவு சிரமம்? பி.எல்.லில் 25 என்று போட்டு வாங்கித் தருகிறேன், ஒரு பொறுப்புக் கடிதம் மட்டும் கொடுங்கள்" என்று சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது மோசடி. கப்பல் என்றைக்குக் கிளம்பியது என்பதை எவரும் பார்க்கலாம். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சரி, கடிதம் இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், தலைப்பிலேயே எல்.சி. எண்ணும் கண்டெய்னர் எண்ணும் வந்துவிட வேண்டும்.

"உங்கள் 18 டன் ஜவ்வரிசி ஜனவரி 22 கப்பலில் ஏறவில்லை. பனியால் சரக்கு காய்வது தாமதமாகி, எங்கள் லாரி துறைமுகத்தின் கடைசி நேரத்தைத் தவறவிட்டது. இது எங்கள் தவறு, வருந்துகிறோம். சரக்கு முத்திரையோடு துறைமுகத்திலேயே இருக்கிறது. ஜனவரி 30 கப்பலில் இடம் உறுதியாகியிருக்கிறது. ஷிப்பிங் லைன் தந்த உறுதிச்சீட்டை இணைத்திருக்கிறோம். அவர்கள் கணக்குப்படி போர்ட் லூயிஸ் சேரும் நாள் பிப்ரவரி 19. எல்.சி.யில் கடைசி ஏற்றுமதித் தேதியை பிப்ரவரி 10 ஆகவும், காலாவதியை மார்ச் 3 ஆகவும் திருத்தித் தர வேண்டுகிறோம். கட்டணம் எங்களுடையது. இதை 28-ம் தேதிக்குள் உறுதி செய்தால் கப்பல் கிளம்புவதற்கு முன் திருத்தம் எங்களுக்கு வந்து சேரும். 30-ம் தேதி மாலை, ஏறியதா இல்லையா என்று எழுதுகிறோம்."

இதில் 19 என்ற தேதி சும்மா வைத்ததல்ல. உங்கள் லைன் வேறு தேதி சொன்னால் அதைப் போடுங்கள். மொரீஷியஸில் மகா சிவராத்திரி பெரிய விரதம். உங்கள் வாங்குபவர் அதற்காகத்தான் சரக்கு எடுக்கிறார் என்றால், பெட்டியை எடுத்துக் கடைகளுக்கு அனுப்ப எத்தனை நாள் மிஞ்சுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். அந்த நாள் கணக்கையும் ஒரு வரியில் நீங்களே எழுதிவிட்டால் அவர் காலண்டரைத் தேட வேண்டியதில்லை. போதாது என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள்.

உங்கள் கடித வரைவில் இருந்த "தவிர்க்க முடியாத காரணம்", அதாவது "ஃபோர்ஸ் மேஜர்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். புயலில் துறைமுகம் மூடினால் அது பொருந்தும். தை மாதப் பனிக்குப் பொருந்தாது. ஆத்தூரில் பனி எப்போது வரும் என்று தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்ஷூரன்ஸ் உங்கள் பொறுப்பில் இருந்தால் கப்பல் பெயரை மாற்றச் சொல்லி இன்றே எழுதுங்கள். அப்புறம், அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் நேரம் பத்தரைக்கு அனுப்பினால் அங்கே ஒன்பது மணிக்கு அவர் மேஜையில் இருக்கும். பதினொன்றுக்கு ஒரு போன் போடுங்கள்.