"கழித்தது போக மீதி" என்று எழுதினால் சண்டைதான் வரும்

கேள்வி: கொடைக்கானலில் ஆறு அறை கொண்ட காட்டேஜ் நடத்துகிறேன். புக்கிங்கை ரத்து செய்பவர்களுக்கு, "பாலிசிப்படி சார்ஜ் கழித்து மீதி ரூ.3,990 விரைவில் ரீஃபண்ட் ஆகும்" என்று வாட்ஸ்அப் அனுப்புகிறேன். உடனே போன் போட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். எப்படித் திருத்துவது? கடைசியாக ரத்தானது 2 நாள் புக்கிங். வாடகை 6,000, கூடுதல் படுக்கை 800, ஜிஎஸ்டி 340, ஆன்லைன் கட்டணம் 120, மொத்தம் 7,260. ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தால் முதல் நாள் வாடகையைப் பிடிப்போம்.

பதில்: கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அதை உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள். 7,260 கட்டியவர் 3,990-ஐப் பார்த்ததும் மீதி 3,270 எங்கே என்றுதான் கேட்பார்.

அதிகம் சிக்குவது ஜிஎஸ்டியில். வரியை முழுசாகத் திருப்பவும் கூடாது, முழுசாகப் பிடிக்கவும் கூடாது. எந்தத் தொகை போகிறதோ அதன் வரியும் கூடவே போக வேண்டும். பிடித்து வைக்கும் ரத்துக் கட்டணத்துக்கும் அறைக்கு உள்ள அதே விகிதம்தான். உங்கள் அறைக்கு 5 சதவீதம் என்பதால் 3,000-க்கு 150. சிலர் இதற்கு 18 போடுகிறார்கள், அது தப்பு.

இனி இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம். மே 16, 17 தேதிகளுக்கான உங்கள் புக்கிங்கை நீங்கள் கேட்டபடி மே 12 அன்று ரத்து செய்துவிட்டோம். நீங்கள் கட்டிய ரூ.7,260-ல் ரூ.3,990 திரும்பி வருகிறது.
திரும்புவது: இரண்டாம் நாள் வாடகை 3,000, கூடுதல் படுக்கை 800, இவற்றின் ஜிஎஸ்டி 190.
திரும்பாதது: முதல் நாள் வாடகை 3,000, அதன் ஜிஎஸ்டி 150, ஆன்லைன் கட்டணம் 120. வருகைக்கு 7 நாளுக்குள் ரத்து செய்தால் முதல் நாள் வாடகை திரும்பாது என்று புக்கிங்கின்போது தெரிவித்திருந்தோம்.
பணம் கட்டிய அதே கணக்குக்கு மே 13 அன்று அனுப்பியிருக்கிறோம். மே 20-க்குள் வராவிட்டால் இந்த எண்ணை உங்கள் வங்கியில் காட்டுங்கள்: (ரீஃபண்ட் எண்)."

திரும்புவது முதலில், திரும்பாதது அடுத்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். "பாலிசிப்படி" என்ற ஒற்றைச் சொல்லின் இடத்தில் விதியே முழு வாக்கியமாக வந்துவிட்டது, கவனித்தீர்களா? "விரைவில்" என்று எழுதினால் மறுநாள் காலையிலேயே போன் வரும், தேதி போட்டால் அதுவரை காத்திருப்பார்கள். பணத்தை அனுப்பி, எண் கைக்கு வந்த பிறகே செய்தியை அனுப்புங்கள்.

அந்த 120 பற்றி ஒன்று. அது திரும்பாது என்று பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டிருந்தீர்களா? போடவில்லை என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள். அப்போது செய்தியில் உள்ள தொகைகளும் மாறும்: திரும்புவது 4,110, பிடிப்பது 3,150.